முழங்கால் மூட்டின் இணைப்பு நார்களும் பிறைக் குருத்தெலும்புகளும்

முழங்கால் மூட்டு என்பது தொடையெலும்பும் கணைக்கால் உள்ளெலும்பும் சந்திக்கும் மூட்டாகும். தொடையெலும்பின் கீழ்முனையில் உருண்டையான இரு புடைப்புகள் உள்ளன. அவை அமரும் கணைக்கால் எலும்பின் மேற்பரப்போ ஏறக்குறைய தட்டையானது. இடுப்பு மூட்டில் பந்து கிண்ணத்துக்குள் பொருந்தியிருப்பது போன்ற எலும்புப் பிடிமானம் இங்கு இல்லை. தட்டின் மேல் வைத்த உருண்டைகள் போன்ற இவ்வமைப்பை நழுவாமல் காப்பவை, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் இணைப்பு நார்களும் இடையில் அமைந்த இரண்டு பிறை வடிவக் குருத்தெலும்புகளும் ஆகும். பேச்சு வழக்கில் முன்னதை லிகமென்ட் என்றும் பின்னதை மெனிஸ்கஸ் என்றும் கூறுவர்.

ஒவ்வொரு நாரும் ஒரு குறிப்பிட்ட திசை அசைவையே முதன்மையாகத் தடுக்கிறது. ஆனால் அந்தத் தடை எல்லா நிலைகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கால் நீட்டியிருக்கும்போது ஒரு அசைவைப் பல திசுக்கள் சேர்ந்து தடுக்கும். சற்று மடக்கியதும் அவற்றுள் சில தளர்ந்துவிடும். மருத்துவர் காலைக் குறிப்பிட்ட கோணத்தில் பிடித்துச் சோதிப்பதன் காரணம் இதுவே.

சிலுவை நார்கள்

மூட்டின் நடுவே இரண்டு நார்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. கணைக்கால் எலும்பின் முன்பகுதியிலிருந்து பின்னோக்கி மேலேறி, தொடையெலும்பின் வெளிப்புடைப்பின் உட்பக்கத்தில் பொருந்துவது முன் சிலுவை நார். விளையாட்டு வீரர்கள் ஏசிஎல் என்று சொல்வது இதைத்தான். கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவுவதை இது தடுக்கிறது. 1980இல் பட்லர், நோயஸ், குரூட் ஆகியோர் இறந்தோரின் முழங்கால்களில் செய்த அளவீட்டில், இந்த முன்னசைவுக்கான தடையில் சுமார் 86 விழுக்காட்டை இந்த ஒரே நார் தருவது தெரியவந்தது. உட்பக்கமாகத் திருகும் சுழற்சியையும் இது ஓரளவு கட்டுப்படுத்துகிறது.

பின் சிலுவை நார் இதற்கு நேர்மாறானது. கணைக்கால் எலும்பு பின்னோக்கித் தள்ளப்படுவதை இது தடுக்கிறது. மேற்சொன்ன அளவீட்டில் அத்தடையில் இதன் பங்கு சுமார் 95 விழுக்காடு. கார் மோதும்போது மடங்கிய முழங்கால் முன்பலகையில் இடித்தாலோ, மடக்கிய காலின் மேல் முன்புறமாக விழுந்தாலோ அறுவது பெரும்பாலும் இந்த நாரே. இது அறுந்தவரை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை 90 பாகை மடக்கினால், கணைக்கால் எலும்பு தன் எடையாலேயே பின்னோக்கித் தொய்ந்து நிற்கும். இதைக் கவனியாமல் காலை முன்னே இழுத்துப் பார்ப்பவருக்கு எலும்பு வெகுதூரம் முன்வருவது போலத் தோன்றும். உண்மையில் அது தன் இயல்பான இடத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவே. முன் சிலுவை நார் அறுந்துவிட்டதாகத் தவறாக முடிவு செய்யப்படுவது இப்படியும் நேர்வதுண்டு.

பக்க நார்கள்

உட்பக்க நார் தட்டையானது, அகன்றது. மூட்டுக்குக் கீழே பல சென்டிமீட்டர் இறங்கிக் கணைக்கால் எலும்பில் ஒட்டுகிறது. கால் வெளிப்புறமாக வளைவதை, அதாவது முழங்கால் உள்நோக்கி ஒடிவதை இது தடுக்கிறது. வெளிப்பக்க நார் கயிறு போல உருண்டு, கணைக்கால் வெளியெலும்பின் தலையில் முடிகிறது. எதிர்ப்பக்க வளைவைத் தடுப்பது இதன் வேலை.

கோணத்தின் பங்கு இங்கே தெளிவாகத் தெரிகிறது. கால் ஏறக்குறைய நேராக, 5 பாகை மடக்கத்தில் இருக்கும்போது, முழங்கால் உள்நோக்கி ஒடிவதற்கான தடையில் உட்பக்க நாரின் பங்கு 57 விழுக்காடு மட்டுமே. மீதியை மூட்டுறையின் பின்பகுதியும் சிலுவை நார்களும் தாங்குகின்றன. 25 பாகை மடக்கினால் மூட்டுறை தளர்ந்து, நாரின் பங்கு 78 விழுக்காடாக உயர்கிறது. ஆகவே நேர்க்காலில் மட்டும் சோதித்தால், உட்பக்க நார் அறுந்திருந்தும் மற்றவை அதை மறைத்துவிடலாம். சுமார் 30 பாகை மடக்கி வளைத்தால் மூட்டின் உட்பக்கம் திறந்துகொள்ளும். நேர்க்காலிலேயே தாராளமாகத் திறந்தால் உட்பக்க நாரோடு வேறொன்றும் போயிருக்கிறது என்று பொருள்.

சுழற்சியைப் பொறுத்தவரை, முழுதாக நீட்டிய காலில் அதற்கு இடமே இல்லை எனலாம். நீட்டலின் கடைசி 20 பாகையளவில் கணைக்கால் எலும்பு சற்று வெளிப்புறமாகத் திரும்பி, எல்லா நார்களும் இறுகி மூட்டு பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் தொடைத்தசைக்கு அதிக வேலை கொடுக்காமல் நெடுநேரம் நிற்க முடிகிறது.

பிறைக் குருத்தெலும்புகள்

இவை எடையைப் பரப்பித் தாங்கும் மெத்தைகள் என்றே பொதுவாக விளக்கப்படுகின்றன. அது சரியே, ஆனால் அசைவைத் தடுப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. வெளிவிளிம்பு தடித்தும் உள்விளிம்பு மெலிந்தும் ஆப்பு வடிவில் இருப்பதால், தட்டையான எலும்புப் பரப்பு ஆழமற்ற கிண்ணமாகிறது. உட்பக்கப் பிறை உட்பக்க நாரின் ஆழ்அடுக்கோடு ஒட்டியுள்ளதால் குறைவாகவே நகரும். வெளிப்பக்கப் பிறைக்கு அத்தகைய ஒட்டு இல்லாததால், கால் மடங்கும்போது அது ஏறத்தாழ இரு மடங்கு தூரம் நகர்கிறது.

உட்பக்கப் பிறையின் பின்முனை, உருளும் சக்கரத்துக்குப் பின்னால் வைத்த கட்டை போன்றது. முன் சிலுவை நார் நலமாக உள்ளவரை இந்தக் கட்டைக்கு அதிக வேலையில்லை. நார் அறுந்தபின், கணைக்கால் எலும்பு முன்னே நழுவும் ஒவ்வொரு முறையும் தொடையெலும்பின் புடைப்பு இதன் மேல் ஏறி மோதுகிறது. இத்தகைய சுமையைத் திரும்பத் திரும்பத் தாங்கும்படி அமைந்த திசு அல்ல அது.

ஓர் எடுத்துக்காட்டு

கபடியில் பாடிச் செல்லும் வீரர் ஒருவர், பிடிக்க வருபவரிடமிருந்து தப்ப வலது காலை ஊன்றிச் சட்டெனத் திரும்புகிறார் என்று கொள்வோம். பாதம் தரையில் பதிந்திருக்க, சற்றே மடங்கிய முழங்கால் உள்நோக்கிச் சரிந்து திருகுகிறது. ‘டப்’ என்ற ஓசை. ஆட்டத்தைத் தொடர முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் மூட்டு வீங்குகிறது. இவ்வளவு விரைவாக வரும் வீக்கம் பெரும்பாலும் மூட்டுக்குள் இரத்தம் கசிந்ததன் அடையாளம். குருத்தெலும்பு மட்டும் கிழிந்திருந்தால் வீக்கம் பொதுவாக மறுநாள்தான் தெரியும்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. நார்கள் அதில் தெரிவதுமில்லை. 90 பாகை மடக்கி இழுத்துப் பார்த்தால் கால் அதிகம் வரவில்லை. தொடையின் பின்தசைகள் வலியால் இறுகியுள்ளன. உட்பக்கப் பிறையின் பின்முனையும் கட்டையாக நிற்கிறது. 20 முதல் 30 பாகை மடக்கத்தில் ஒரு கையால் தொடையைப் பிடித்து மறுகையால் கணைக்காலை முன்னிழுக்கும்போது இவ்விரு தடைகளும் குறைகின்றன. 1976இல் ஜோசப் டார்க் தம் ஆசிரியர் ஜான் லாக்மன் பெயரில் விவரித்த சோதனை இது. நலமான காலில் எலும்பு சிறிது வந்து வெடுக்கென நிற்கும். இந்த வீரரின் வலது காலில் அது மேலும் சில மில்லிமீட்டர் வந்து, நிற்குமிடம் தெளிவில்லாமல் மெத்தென முடிகிறது. இந்த முடிவுணர்வே அளவைவிடக் கூடுதலாகச் சொல்கிறது.

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து அவர் நன்றாக நடக்கிறார். நேராக நடப்பதற்கு முன் சிலுவை நார் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. குணமாகிவிட்டதாக எண்ணி அவர் களத்துக்குத் திரும்பினால், திரும்பும் ஒவ்வொரு முறையும் முழங்கால் ‘விட்டுப்போவது’ போன்ற உணர்வு வரும். அடிபட்ட புதிதில் வெளிப்பக்கப் பிறையே கூடுதலாகக் கிழிகிறது. அறுந்த நாரோடு மாதக்கணக்கில் ஆடுவோரிடம் உட்பக்கப் பிறையின் கிழிசல் பெருகிக்கொண்டே போகிறது. கிழிந்த துண்டு வாளியின் கைப்பிடி போலப் பெயர்ந்து மூட்டின் நடுவே சிக்கிக்கொண்டால், காலை முழுதாக நீட்டவே முடியாது. கடைசிச் சில பாகைகளில் ஏதோ முட்டுக்கொடுத்தது போல நின்றுவிடும். வலியால் நீட்டாமல் இருப்பது வேறு, இது வேறு.

இந்நிலையில் தாமதிப்பது பெரும் இழப்பாகும். பிறையின் வெளிவிளிம்பை ஒட்டிய சுமார் மூன்றில் ஒரு பகுதிக்குத்தான் நல்ல இரத்த ஓட்டம் உண்டு. அங்குள்ள கிழிசலைத் தைத்தால் ஆறும் வாய்ப்பு அதிகம். உள்விளிம்புப் பகுதியின் கிழிசல் பெரும்பாலும் ஆறுவதில்லை; அந்தத் துண்டை வெட்டி எடுக்க நேரிடும். அப்போது எடை தாங்கும் பரப்பும் முன்னசைவைத் தடுத்த கட்டையும் ஒன்றாகக் குறைகின்றன. சிலுவை நாருக்குப் பதிலாகப் பின்னர் பொருத்தப்படும் புதிய நாரும் அந்தத் துணையின்றிக் கூடுதல் இழுவையைத் தாங்க வேண்டியிருக்கும்.