உயிலில் ‘விற்கக் கூடாது’ என்று எழுதினால்

சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீட்டுக்கு உயில் எழுதும்போது பலருடைய மனதில் இரண்டு ஆசைகள் இருக்கும். மனைவி சாகும்வரை அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க வேண்டும், பிள்ளைகள் அதை விற்றுவிடக் கூடாது. முதல் ஆசையை நீதிமன்றம் பெரும்பாலும் காப்பாற்றும். இரண்டாவதைக் காப்பாற்றாது.

மதுரையில் ஒருவர் உயில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘என் மனைவி ஆயுள்வரை வீட்டை அனுபவித்துக்கொள்ள வேண்டியது, தானம், விக்கிரயம் செய்ய அவருக்கு உரிமையில்லை. அவர் காலத்துக்குப் பின் என் இரு மகன்களும் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது.’ இது செல்லும். மனைவிக்குக் கிடைத்திருப்பதே ஆயுள்கால உரிமைதான். அவர் வீட்டை விற்றாலும், வாங்கியவருக்கு அவர் உயிரோடு இருக்கும் வரைதான் உரிமை. அவர் இறந்ததும் மகன்கள் சுவாதீனம் கேட்கலாம். அன்றிலிருந்து 12 ஆண்டு அவகாசம் உண்டு. தாய்க்கு முன்பே ஒரு மகன் இறந்தால் அவன் பங்கு அவனுடைய வாரிசுகளுக்குப் போகும். தந்தை இறந்த அன்றே அவனுக்கு உரிமை வந்துவிட்டது, அனுபவம் மட்டும் தள்ளி நின்றது என்பதே காரணம்.

அதே மனிதர், ‘என் மகன் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது, ஆனால் ஒருபோதும் விற்கக் கூடாது’ என்று எழுதினால் கதை வேறு. முழு உரிமையைக் கொடுத்தபின் விற்கும் உரிமையை மட்டும் பிடுங்கிக்கொள்ள முடியாது. அந்த வரியை நீதிமன்றம் இல்லாததாகவே கொள்ளும். மகன் விற்றால் கிரயம் செல்லும். மனைவிக்கு முழு உரிமை கொடுத்துவிட்டு, அவருக்குப் பின் பேரன்களுக்கு என்று எழுதிய ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2002-இல் இப்படித்தான் தீர்ப்பளித்தது. பின்னால் வந்த ஏற்பாடு செல்லாது என்றது. ஆகவே ‘சர்வ சுதந்திரம்’ என்ற சொற்றொடரைப் பழக்கத்தினால் எழுதிவிடுவதுதான் பெரிய ஆபத்து.

இந்துக் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, மனைவிக்கு ஏற்கெனவே இருந்த ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக வீடு தரப்பட்டிருந்தால், உயிலில் ஆயுள்கால உரிமை என்று எழுதியிருந்தாலும் அது முழு உரிமையாகிவிடும். துளசம்மா வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். உயிலே புதிதாக உரிமை கொடுத்திருந்தால் அந்தக் கட்டுப்பாடு நிற்கும். இந்த எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதில் தீர்ப்புகள் முரண்பட்டதால், 2024 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. மனைவியின் பராமரிப்புக்கு வேறு ஏற்பாடு செய்திருப்பவர் அதையும் உயிலிலேயே விவரமாக எழுதுவது நல்லது. ஜீவனாம்சத்துக்காகவே வீடு தரப்பட்டதா என்ற வாதம் எழும்போது, நீதிபதி முதலில் பார்ப்பது உயிலின் வாசகத்தைத்தான்.