ஒரு கார்பனை விட்டு எண்ணினால்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வேதியியல் பயிற்சித்தாளில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: CH3COOH. இதன் பெயரை எழுதுக. ஒவ்வொரு வருஷமும் சிலர் 'மெத்தனாயிக் அமிலம்' என்று எழுதிவிடுவார்கள். அமிலம் என்பது சரி. கார்பனை எண்ணியதில்தான் பிசகு. COOH என்பது அமிலத்தின் அடையாளம், அதைத் தனியே ஒதுக்கிவிடலாம் என்று நினைத்து, மிச்சமிருக்கும் CH3-இல் ஒரு கார்பனை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் அந்த அடையாளத்துக்குள்ளும் ஒரு கார்பன் உட்கார்ந்திருக்கிறது, அதையும் சேர்த்தே எண்ண வேண்டும். மொத்தம் இரண்டு. ஆகவே எத்தனாயிக் அமிலம். நம் வீட்டு வினிகரின் புளிப்பு இதுதான். பிள்ளைகள் எழுதிய மெத்தனாயிக் அமிலமும் உலகத்தில் இல்லாத பொருள் அல்ல. சில வகை எறும்புகளின் உடம்பில் சுரந்து, கடித்த இடத்தை எரிய வைப்பது அது.

கரிமச் சேர்மத்தின் பெயரில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முன்பாதி, சங்கிலியில் எத்தனை கார்பன் என்று சொல்கிறது. மெத் என்றால் ஒன்று, எத் இரண்டு, புரோப் மூன்று, பியூட் நான்கு. ஐந்திலிருந்து பென்ட், ஹெக்ஸ் என்று கிரேக்க எண்கள் வரிசையாக வந்துவிடும். முதல் நான்கை மட்டும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் அவை எண்களே அல்ல. முறையான பெயர்கள் வருவதற்கு முன்பே வழக்கத்தில் ஊறிவிட்ட பழைய சொற்களின் மிச்சம் அவை. பியூட் என்பது வெண்ணெயைக் குறிக்கும் சொல். கெட்டுப்போன வெண்ணெயில் நாறும் அமிலத்துக்கு நான்கு கார்பன். 1892-இல் ஜெனீவாவில் வேதியியலாளர்கள் கூடிப் பெயரிடும் விதிகளை வகுத்தபோதும் இவற்றை மாற்றவில்லை.

பின்பாதி, அந்தச் சங்கிலியில் எந்த வினைச்செயல் தொகுதி ஒட்டியிருக்கிறது என்று சொல்கிறது. OH இருந்தால் 'ஆல்', CHO இருந்தால் 'அல்', COOH இருந்தால் 'ஆயிக் அமிலம்'. தமிழில் எழுதும்போது எத்தனாலுக்கும் எத்தனலுக்கும் நடுவே ஒரு கால்தான் வேறுபாடு. அந்தக் காலை மறந்தால் ஆல்கஹால், ஆல்டிஹைடு ஆகிவிடும்.

இந்த இரண்டு பாதிகளும் எவ்வளவு உண்மையானவை என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி காட்டியது. அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். சாதாரண மதுவில் இருப்பது எத்தனால். இரண்டிலும் பின்பாதி ஒன்றே, ஆகவே கல்லீரலில் உள்ள ஒரே நொதி இரண்டையும் ஒரே விதமாக மாற்றுகிறது: ஆல் என்பது அல் ஆகிறது, பிறகு அமிலம் ஆகிறது. எத்தனால் போகும் வழியில் கடைசியில் கிடைப்பது எத்தனாயிக் அமிலம். அதை உடம்பு எரிபொருளாகவே செலவழித்துவிடும். மெத்தனால் போகும் வழியில் கிடைப்பது மெத்தனாயிக் அமிலம். அதை உடம்பால் வேகமாக அகற்ற முடியாது. அது தேங்கி, இரத்தத்தை அமிலமாக்கி, பார்வை நரம்பைத் தாக்குகிறது. மருத்துவமனையில் மெத்தனால் குடித்தவருக்கு எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. அந்த நொதி எத்தனாலைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். அதற்குள் மெத்தனால் மாறாமலே வெளியேற வழி கிடைக்கும். ஒரு கார்பனை விட்டு எண்ணக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இனி பயிற்சித்தாளில் நிறையப் பேர் தடுக்கி விழும் கேள்விக்கு வருகிறேன்.

```
CH3–CH–CH2–OH
    |
    CH2–CH3
```

மேல் வரியில் மூன்று கார்பன், கீழே இரண்டு கார்பன் கிளை. அதனால் பலரும் எழுதுவது '2-எத்தில்புரப்பன்-1-ஆல்'. தாளில் நேராகப் போகும் வரிதான் சங்கிலி என்று கண் நம்பிவிடுகிறது. மூலக்கூறுக்கு நேர், கீழ் என்று எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் திருப்பியும் வரையலாம். OH பிடித்திருக்கும் கார்பனில் விரலை வைத்து ஒன்று என்று தொடங்குங்கள். அடுத்த CH இரண்டு. அங்கிருந்து இடப்பக்கம் போனால் மூன்றோடு முடிந்துவிடும். கீழே இறங்கினால் மூன்று, நான்கு. ஆகவே சங்கிலி நான்கு கார்பன், இடப்பக்கத்து CH3 தான் கிளை. சரியான பெயர் 2-மெத்தில்பியூட்டன்-1-ஆல்.

இந்தத் தவறை மூலக்கூறு வாய்பாட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பெயருக்கும் C5H12O தான் வரும், தவறான பெயரிலிருந்து திரும்ப வரைந்தாலும் அதே படமே கிடைக்கும். ஆகவே நான் பிள்ளைகளுக்கு வேறொரு சோதனை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். OH-இலிருந்து எண்ணிக்கொண்டே போய், கிளை பிரியும் கார்பனில் நில்லுங்கள். கிளையின் நீளத்தையும், அதைத் தாண்டி நீங்கள் எண்ணிய சங்கிலியில் மிச்சமிருக்கும் வாலின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். வால், கிளையைவிடக் குட்டையாக இருந்தால் தவறான பாதையில் போயிருக்கிறீர்கள். மேலே சொன்ன தவறான பெயரில் வால் ஒரு கார்பன், கிளை இரண்டு கார்பன். அங்கேயே பிடிபட்டுவிடும்.

எண்ணத் தொடங்கும் முனையும் முக்கியம். CH3–CH2–CH(OH)–CH3 என்பதை இடமிருந்து எண்ணினால் OH மூன்றாவது கார்பனில் விழும், வலமிருந்து எண்ணினால் இரண்டில். சிறிய எண்ணுக்கே முன்னுரிமை, ஆகவே பியூட்டன்-2-ஆல். பியூட்டன்-3-ஆல் என்று ஒரு சேர்மம் இல்லை.

நீளமான சங்கிலியைத் தேடக் கற்றுக்கொண்ட கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காகவே கடைசிக் கேள்வியை வைத்திருக்கிறேன்.

```
CH3–CH2–CH–CH2–OH
        |
        CH2–CH3
```

சென்ற வாரம் ஒரு மாணவி இதைப் பென்டேன் என்று தொடங்கினாள். இடமிருந்து வந்து, நடுவில் கீழே இறங்கினால் ஐந்து கார்பன் கிடைக்கிறது. "நீளமானதைத்தானே சார் எடுக்கணும்?" என்று கேட்டாள்.

"அந்த அஞ்சுல OH பிடிச்சிருக்கிற கார்பன் இருக்கா, பாரும்மா" என்றேன்.

பார்த்தாள், இல்லை. விதி சொல்வது வெறுமனே நீளமான சங்கிலியை அல்ல. வினைச்செயல் தொகுதியைப் பிடித்திருக்கும் கார்பன் உள்ளே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சங்கிலிகளுக்குள் நீளமானதையே எடுக்க வேண்டும். தொகுதியை வெளியே விட்டுவிட்டால் பெயரின் பின்பாதியில் 'ஆல்' என்று போட இடமே இருக்காது. OH-இலிருந்து தொடங்கி இடப்பக்கம் போனாலும் கீழே போனாலும் நான்குதான். அவள் விரலை வைத்து எண்ணி, கிளையையும் வாலையும் ஒப்பிட்டாள். இரண்டும் இரண்டு கார்பன், சமம். பென்டேனை அடித்துவிட்டு 2-எத்தில்பியூட்டன்-1-ஆல் என்று எழுதினாள். முந்தின படத்தில் தவறாக வந்த '2-எத்தில்' இங்கே எப்படிச் சரியானது என்று தானே இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.