புகார் மனுவைச் சரிபார்த்தல்

தில்லியில் வாழும் தமிழர் ஒருவரின் மிதிவண்டி காணாமற்போயிற்று. காவல் நிலையத்தில் அளிக்கவேண்டிய புகாரை அவர் முதலில் தமிழில் எழுதிப் பார்த்தார்:

“நேற்று என் மிதிவண்டியை எங்கள் குடியிருப்பின் காவலாளி திருடிவிட்டான். காலையில் பார்த்தேன், வண்டி இல்லை. இரவில் பூட்டித்தான் வைத்தேன். 12ஆம் தேதி இரவு 12.30 மணிக்கு அவன் வண்டியருகே திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றான்.”

இதில் எழுத்துப்பிழை இல்லை. ஆயினும் மூன்று குறைகள் உள்ளன.

முதற்குறை வரிசையில் உள்ளது. இரவில் பூட்டிய செய்தி, காலையில் பார்த்த செய்திக்குப் பின் வருகிறது. களவுப் புகாரில், பொருளைக் கடைசியாகப் பார்த்த நேரமும், அது இல்லை என்று அறிந்த நேரமும் தெளிவாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில்தான் களவு நிகழ்ந்திருக்கும். கண்காணிப்புக் கேமராப் பதிவில் காவலர் தேடவேண்டிய பகுதியும் அதுவே.

இரண்டாவது குறை நாளில் உள்ளது. ‘நேற்று’ எந்த நாள் என்பது, மனு எழுதிய நாளைப் பொறுத்து மாறும். இம்மனுவை இந்தியில் பெயர்த்தால் இன்னும் கவனம் வேண்டும். ‘கல்’ என்னும் இந்திச் சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். மேலும், நள்ளிரவு 12 மணிக்கே தேதி மாறிவிடுகிறது. எனவே, அவர் கருதிய இரவு 12.30 மணி 13ஆம் தேதியைச் சேர்ந்தது.

மூன்றாவது குறை சொல்லில் உள்ளது. காவலாளி நின்றதை அவர் கண்டார், திருடியதைக் காணவில்லை. ‘திருடிவிட்டான்’ என்பது அவருடைய முடிவு. ‘திருட்டு முழி’ என்பது அவருடைய சினம். காவலாளி குற்றமற்றவராயின், இச்சொற்களால் ஒருவர் வீண்பழி சுமக்க நேரிடும். அதற்காக, அவரைக் கண்ட செய்தியை மறைத்தலும் தவறு. கண்டதைக் கண்டவாறு எழுதுதலே முறை.

சரிபார்ப்பவர் விடுபட்ட நேரங்களைத் தாமே ஊகித்து நிரப்பலாகாது; எழுதியவரிடம் கேட்டே சேர்க்கவேண்டும். அவ்வாறு திருத்திய மனு இது:

“12.03.2025, புதன்கிழமை, இரவு 10 மணியளவில் என் மிதிவண்டியைக் குடியிருப்பின் வாயிலருகே நிறுத்திப் பூட்டினேன். 13.03.2025, வியாழக்கிழமை, நள்ளிரவுக்குப் பின் 12.30 மணியளவில் சன்னல் வழியே பார்த்தேன். வண்டி அங்கேயே இருந்தது. காவலாளி அதனருகே நின்றார். அன்று காலை 6 மணிக்குப் பார்த்தபோது வண்டி அங்கு இல்லை. அதை எடுத்துச் சென்றவரை நான் பார்க்கவில்லை.”

இப்போது, 12.30 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் வண்டி மறைந்தது என்பது தெளிவாகிறது.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றி ஒருவர் வாய்மொழியாகக் கூறினாலும், காவலர் அதனை எழுதி அவருக்குப் படித்துக் காட்டவேண்டும். பின்னரே அவர் கையொப்பமிடுவார். பதிவு செய்த தகவலின் படி அவருக்குக் கட்டணமின்றி வழங்கப்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பிரிவு 173, இவ்வாறு கூறுகிறது. எழுதியது படிக்கப்படும்போது வரிசை, நாள், சொல் ஆகிய மூன்றையும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கையொப்பமிடுதல் வேண்டும்.