400 ரூபாயில் ஜொலித்த ஹால்!

நாங்கள் பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் குடும்பம். போன டிசம்பரில் விலை படுத்துவிட்டது. 31-ம் தேதி ராத்திரி நாத்தனார், கொழுந்தனார் குடும்பமெல்லாம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளோ, "பலூன், லைட்டெல்லாம் வச்சே ஆகணும்மா" என்று ஒரே பிடிவாதம். அலங்காரம் செய்பவரைக் கேட்டால் 4,000 ரூபாய் என்றார். என் கையில் இருந்தது 400!

100 பலூன் பாக்கெட் 160, கைப்பம்பு 70, எல்.இ.டி. சீரியல் லைட் இரண்டு 160. ஆகமொத்தம் 390 ரூபாய். மற்றதெல்லாம் வீட்டிலிருந்ததுதான்.

பின்னணித் திரைக்கு என்னுடைய இரண்டு வெளிர்நிற ஷிபான் புடவைகள். சுவரில் ஆணி அடிக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கும் எதிர்ப்பக்கக் கொக்கிக்கும் ஏழடி உயரத்தில் கொடி கட்டி, புடவையைப் பாதியாக மடித்து அதன்மேல் போட்டு, கொசுவி, துணி கிளிப் மாட்டினேன். இரண்டும் சேர்ந்து ஐந்தடி அகலத்துக்குத் தாராளமாக வந்தது. சீரியல் லைட்டை வெளியே தொங்கவிடாமல், புடவையின் இரண்டு மடிப்புக்கும் நடுவில் விட்டேன். பல்பு தெரியாமல் வெளிச்சம் மட்டும் பூப்பூவாகத் தெரிந்தது. அடர்ந்த நிறப் புடவையில் இது எடுபடாது. பழைய குண்டு பல்பு சீரியலை இப்படி வைக்கவே கூடாது. சூட்டில் ஷிபான் உருகிவிடும். எல்.இ.டி. ஆனாலும் அரைமணி எரியவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிளக் பெட்டி துணிக்கு வெளியே இருக்கட்டும்.

பலூன் விஷயத்தில்தான் சூட்சுமம். பத்து அங்குல பலூனை எட்டு அங்குலத்துக்குத்தான் ஊத வேண்டும். அட்டைப்பெட்டியில் எட்டு அங்குல வட்டம் வெட்டி, அதில் நுழைகிறதா என்று பார்த்துக் கட்டினால் எல்லாம் ஒரே அளவாக வரும். கழுத்துப் பக்கம் புடைத்துப் பேரிக்காய் மாதிரி ஆகிவிட்டால் காற்று அதிகம், 'டப்'தான்! இரண்டிரண்டாகக் கழுத்தைச் சேர்த்து முடிந்து, இரண்டு ஜோடியை முறுக்கினால் நாலு பலூன் கொத்து. கொத்துகளை ஒரு கயிற்றில் நெருக்கிச் சுற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். 15 கொத்தில், அதாவது 60 பலூனில், எட்டடிக்கு மேல் தோரணம் வந்தது. இடுக்குகளில் குட்டியாக ஊதிய பலூன்கள்.

சாயந்திரம்தான் ஊதினேன். முதல் நாளே ஊதினால் பளபளப்பு மங்கி, காற்றும் இறங்கிவிடும். மொட்டைமாடியில் வைக்கலாம் என்றார் வீட்டுக்காரர். நம்மூர் மார்கழிக் குளிரில் பலூன் சுருங்கித் தொங்கும் என்று ஹாலிலேயே வைத்துவிட்டேன். சின்னவன் கேட்ட கேஸ் பலூனையும் வாங்கவில்லை. ஹைட்ரஜன் அடைத்ததாக இருந்தால், கேக் மெழுகுவர்த்தி பட்டுத் தீப்பிடிக்கும்.

ட்யூப் லைட்டை அணைத்தால்தான் சீரியல் எடுப்பாக இருக்கிறது. ஆனால் போட்டோவில் முகம் கறுத்துவிடும் என்பதால், எதிரே சமையலறை லைட்டை மட்டும் போட்டு வைத்தேன்.

வெடித்த ரப்பர் துண்டுகளை அப்போதைக்கப்போதே பொறுக்கிவிடுங்கள். நாத்தனாரின் கைக்குழந்தை தவழ்ந்து வந்து வாயில் வைக்கப் பார்த்தது. காலையில் புடவைகளை உதறி மடித்து, சீரியலை அட்டையில் சுற்றி, பம்போடு பரண்மேல் வைத்துவிட்டேன். பாக்கெட்டில் இன்னும் முப்பது பலூன் மிச்சம்.

- ஒரு வாசகி, பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.