முன்னாய்வு மீள்பார்வை: பெயர்ப் பட்டியலும் கருப்பொருள் வைப்பும்

ஆய்வேடுகளின் இரண்டாம் இயலாக அமையும் முன்னாய்வு மீள்பார்வையைப் படிக்குந்தோறும் ஒரே வகையான நடை நம் கண்ணில் படுகிறது. 'இன்னார் இந்த ஆண்டில் இதனை ஆராய்ந்தார். இம்முடிவுக்கு வந்தார்' என ஒரு பத்தி முடியும். அடுத்த பெயரோடு அடுத்த பத்தி தொடங்கும். மாணவர் இருபது நூல்களைப் படித்திருக்கிறார் என்பதற்கு அவ்வியல் சான்றாகும். அவ்விருபதும் எங்கே உடன்படுகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதை அதிலிருந்து அறிய இயலாது. இக்குறையை நீக்குவதற்குரிய வழி, ஆய்வாளர் பெயரை விடுத்து ஆய்வு வினாவைச் சுற்றி இயலை அமைப்பதாகும். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை நமக்கு அணுக்கமான ஒரு பொருளைக் கொண்டே பார்ப்போம்.

சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறையில் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் பெறும் இடத்தை ஒரு மாணவர் ஆராய்கிறார் எனக் கொள்வோம். முன்னாய்வுகளைக் கால வரிசையில் அடுக்கினால் அவருடைய இயல் பின்வருமாறு செல்லும். ஃபெர்குசன் 1959இல் அரபு, நவீன கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹெய்தி கிரியோல் ஆகிய நான்கையும் கொண்டு இரட்டை வழக்குக் கோட்பாட்டை வகுத்தார். மு. சண்முகம் பிள்ளை 1960இல் தமிழின் இலக்கிய வழக்கையும் பேச்சு வழக்கையும் ஒப்பிட்டு எழுதினார். ஃபிஷ்மன் 1967இல் அக்கோட்பாட்டை வெவ்வேறு மொழிகள் வழங்கும் சமுதாயங்களுக்கும் விரித்தார். பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் அதனைத் தமிழுக்குப் பொருத்தி நூல் வெளியிட்டார். ஹெரால்டு ஷிஃப்மன் 1998இல் பொதுப் பேச்சுத்தமிழ் ஒன்று உருவாகியிருப்பதாக எழுதினார். பின்னர்ச் சிங்கப்பூரின் தமிழ்மொழிக் கொள்கை குறித்தும் ஒரு கட்டுரை வரைந்தார்.

இவற்றுள் பிழையான வாக்கியம் ஒன்றும் இல்லை. எனினும் ஒரு முக்கியமான செய்தி இவ்வரிசையில் மறைந்துவிடுகிறது. ஃபெர்குசனின் விளக்கத்தில் இரண்டு கூற்றுகள் பிணைந்துள்ளன. இரு வழக்குகளும் தத்தமக்குரிய சூழல்களில் மட்டுமே பயில்கின்றன என்பது ஒன்று. தாழ்வழக்கைக் குழந்தை வீட்டில் இயல்பாகப் பெறுகிறது, உயர்வழக்கைப் பள்ளியில் முறையாகக் கற்கிறது என்பது மற்றொன்று. ஷிஃப்மனின் சிங்கப்பூர்க் கட்டுரையோ, வீடுகள் ஆங்கிலத்துக்கு மாறிவரும் நிலையிலும் பள்ளி எழுத்துத் தமிழையே வலியுறுத்துவதைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. அஃதாவது ஃபெர்குசனின் இரண்டாம் கூற்று நிற்கும் தரையே இங்கு அசைகிறது. பட்டியலில் ஃபெர்குசன் 'வரையறை தந்தவர்' என முதற்பக்கத்திலும், ஷிஃப்மன் 'அண்மைய ஆய்வாளர்' என இறுதிப்பக்கத்திலும் அமர்ந்துவிடுவதால் இருவரும் சந்திப்பதே இல்லை. மாணவரின் ஆய்வுக்குரிய இடைவெளி அவ்விருவருக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அவர்களைச் சந்திக்க வைப்பதற்கு ஒரு கட்ட அட்டவணையே போதும். இடப்பக்கம் ஆய்வுகளின் பெயர்களை எழுதுகிறோம். மேல்வரிசையில் வினாக்களை எழுதுகிறோம். வினாக்களை முன்கூட்டியே கற்பித்துக்கொள்ளலாகாது; எட்டுப் பத்து ஆய்வுகளைப் படித்த பின்னர், ஒன்றுக்கு மேற்பட்டோர் எவற்றுக்கு விடை கூறியிருக்கின்றனரோ அவற்றையே எடுக்கவேண்டும். நம் எடுத்துக்காட்டில் மூன்று வினாக்கள் தெளிவாக எழுகின்றன. இரு வழக்குகளுக்கிடையே துல்லியமான எல்லை உண்டா? ஒவ்வொரு வழக்கும் எங்கே கற்கப்படுகிறது? இந்நிலை நிலைத்து நிற்குமா? ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாக்கியம் மட்டுமே எழுதவேண்டும். சில கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும். சண்முகம் பிள்ளையின் கட்டுரை வழக்குகளின் அமைப்பு வேறுபாட்டை விளக்குவது. மொழி நிலைக்குமா என்னும் கட்டத்தை அவர் பெயரில் வலிந்து நிரப்பவேண்டியதில்லை. அட்டவணை முடிந்தபின் அதனைக் குறுக்கே படியாமல் மேலிருந்து கீழாகப் படிக்கவேண்டும். ஒவ்வொரு நெடுவரிசையும் ஓர் உட்தலைப்பாகும்.

ஓர் ஆய்வாளர் இரண்டு மூன்று தலைப்புகளில் வருவது மாணவர் பலருக்குக் கூறியது கூறலாகத் தோன்றுகிறது. அவ்வச்சம் வேண்டுவதில்லை. ஷிஃப்மனின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை முதல் வினாவுக்கு உரியது. பேச்சுத் தமிழிலேயே பொதுவான ஒரு வடிவம் உருவாகிவிட்டதெனின், 'உயர்ந்தது ஒன்று, தாழ்ந்தது ஒன்று' என்னும் இருமுனைப் பகுப்பு தளர்கிறது. பயன்பாடு பற்றிய இரட்டை வழக்கையும் பேசுவோர் பற்றிய இரட்டை வழக்கையும் வேறுபடுத்தும் பிரிட்டோ அவர் அருகில் அங்கேதான் நிற்கவேண்டும். அதே ஷிஃப்மன் தம் சிங்கப்பூர்க் கட்டுரையோடு இரண்டாம் வினாவுக்கும் மூன்றாம் வினாவுக்கும் வருகிறார்.

இரண்டாம் வினாவின்கீழ் எழுதப்படும் பத்தி ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

'வீட்டில் பேச்சு வழக்கு, பள்ளியில் எழுத்து வழக்கு என்னும் பகுப்பு இரட்டை வழக்குக் கோட்பாட்டைத் தாங்கும் தூண்களுள் ஒன்று (ஃபெர்குசன் 1959). களங்கள் இவ்வாறு பிரிந்து நில்லாத இருமொழியம் நெடிது நிலைப்பதில்லை என்பது ஃபிஷ்மனின் (1967) கருத்து. சிங்கப்பூரில் வீட்டுக்குள் ஆங்கிலம் புகுந்திருக்க, பள்ளி எழுத்துத் தமிழையே முதன்மைப்படுத்துவதால், பேச்சுத் தமிழுக்கு ஈரிடத்தும் இடம் சுருங்குகிறது என ஷிஃப்மன் வாதிடுகிறார். ஆயின் பேச்சுத் தமிழையே பள்ளியில் முதன்முதலாகச் சந்திக்கும் பிள்ளையின் நிலையை இக்கோட்பாட்டால் விளக்க முடியுமா என்பது தனியே ஆராயத்தக்கதாகிறது.'

நான்கே வாக்கியங்கள். இறுதி வாக்கியம் மாணவரின் ஆய்வு வினாவாகவே முடிந்துவிட்டதைக் காண்க. பட்டியல் நடையில் இதனை 'இதுவரை எவரும் ஆராயவில்லை' என்று தனியே அறிவிக்க வேண்டியிருக்கும். அவ்வறிவிப்பை நம்புவதற்குத் தேர்வாளருக்குக் காரணம் எதுவும் இராது.

தமிழ் நடை சார்ந்த ஒரு செய்தியையும் இங்குக் கூறவேண்டும். நம் மாணவர் எல்லா ஆய்வாளர்க்கும் 'கூறுகிறார்', 'குறிப்பிடுகிறார்' என்னும் இரு வினைகளையே பங்கிட்டுத் தருகின்றனர். சண்முகம் பிள்ளை விவரிக்கிறார், ஃபெர்குசன் வகுக்கிறார், ஷிஃப்மன் வாதிடுகிறார் என எழுதும்போதே சான்றின் தன்மை வேறுபடுகிறது. ஒரு மொழியமைப்பு விளக்கத்தையும் ஒரு கொள்கை வாதத்தையும் ஒரே எடையில் வைப்பது கருப்பொருள் வைப்பில் நேரும் பெருந்தவறு. ஒரே தலைப்பின்கீழ் வந்துவிட்டதாலேயே இரண்டும் ஒன்றையொன்று மெய்ப்பிப்பதாகத் தோன்றிவிடும். பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்த சிங்கப்பூரின் 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கையும் இத்தகையதே. அஃது ஒரு கொள்கை ஆவணம். அதனை ஆய்வு முடிவாகக் காட்டாமல் பின்னணியில் வைப்பதே முறை.

உட்தலைப்பு இட்டுவிட்டதால் மட்டும் பட்டியல் கருப்பொருளாகிவிடாது. 'கோட்பாட்டு ஆய்வுகள்', 'தமிழக ஆய்வுகள்', 'சிங்கப்பூர் ஆய்வுகள்' என்பன இடத்தாலும் வகையாலும் பிரித்த பெட்டிகளே. பெட்டிக்குள் பழைய பட்டியல் அப்படியே கிடக்கும். ஃபெர்குசனும் ஷிஃப்மனும் மீண்டும் வெவ்வேறு பெட்டிகளில் பிரிந்துபோவர். தலைப்பை ஒரு வினாவாக மாற்றி எழுத இயலுமா என்று பார்த்தாலே வேறுபாடு புலப்படும்.

கால வரிசையை அறவே ஒதுக்கவேண்டும் என நாம் கூறவில்லை. ஒரு கருத்தின் வளர்ச்சியே ஆய்வுப்பொருளாயின் ஆண்டு வரிசையே உகந்தது. கருப்பொருளுக்குள்ளும் முன்னவர் கூற்றுக்குப் பின்னவர் மறுமொழி வருவதால் காலம் தானாகவே ஓரளவு புலப்படும். ஆய்வுகள் நான்கைந்தே கிடைக்குமாயின் அவற்றை மூன்று தலைப்புகளாகச் சிதைப்பதில் பயனில்லை.

இயலை எழுதி முடித்தபின் ஆசிரியரும் மாணவரும் உடனமர்ந்து செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதிப் படிக்கவேண்டும். ஒவ்வொன்றும் ஓர் ஆளின் பெயரோடு தொடங்குமாயின், பத்திகளை இடம் மாற்றி வைத்துப் பார்க்கலாம். மாற்றியும் பொருள் கெடவில்லையெனின் இன்னும் பட்டியல்தான் கையில் இருக்கிறது, அட்டவணைக்குத் திரும்பவேண்டியதே.