ஆறில் ஐந்து பொருந்தியும் சர்வசமம் இல்லை

ஒரு முக்கோணத்தில் அளப்பதற்கு ஆறு உறுப்புகள் உண்டு: மூன்று பக்கங்கள், மூன்று கோணங்கள். இரண்டு முக்கோணங்களை எடுத்து அளந்து பார்க்கையில் ஆறில் ஐந்து அளவுகள் அப்படியே ஒத்துப்போகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை சர்வசம முக்கோணங்கள்தானே? வகுப்பில் இப்படிக் கேட்டால் பெரும்பாலான கைகள் உயரும். கணித ஆசிரியர்களில்கூடச் சிலர் ஒரு கணம் தயங்குவார்கள்.

8, 12, 18 செ.மீ. பக்கங்கள் கொண்ட ஒரு முக்கோணம். அருகில் 12, 18, 27 செ.மீ. பக்கங்கள் கொண்ட இன்னொன்று. முதல் முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் 1.5 ஆல் பெருக்கினால் இரண்டாவது முக்கோணத்தின் பக்கங்கள் கிடைக்கின்றன. அதாவது இரண்டும் வடிவொத்தவை, மூன்று கோணங்களும் சமம். போதாதற்கு 12, 18 என்ற இரண்டு பக்கங்களும் இரண்டிலும் இருக்கின்றன. ஆக ஐந்து உறுப்புகள் சமம். ஆனாலும் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் பொருந்தாது. இரண்டாவது தெளிவாகவே பெரியது.

சிக்கல் எங்கே? 12 என்பது முதல் முக்கோணத்தில் நடுப் பக்கம், இரண்டாவதில் மிகச் சிறிய பக்கம். 18 முதலாவதில் மிகப் பெரியது, இரண்டாவதில் நடுவானது. எண்கள் சமம், அவை உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. இத்தகைய இணையைத் தாமே உருவாக்க விரும்பும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெருக்கும் எண் ஒன்றுக்கும் ஏறக்குறைய 1.618க்கும் இடையில் இருக்க வேண்டும். 2 ஆல் பெருக்கப் போனால் 4, 8, 16 என்று வரும். 4ஐயும் 8ஐயும் கூட்டினாலும் 16ஐ எட்டாது, முக்கோணமே உருவாகாது.

இந்தப் பாடத்தின் பயிற்சித்தாள்கள் பொதுவாக இரண்டு வேலைகளைக் கேட்கும். எந்த விதியின்படி முக்கோணங்கள் பொருந்துகின்றன என்று சொல்ல வேண்டும். பிறகு விடுபட்ட பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய மூன்றாவது வேலை ஒன்று தாளில் அச்சாவதே இல்லை: எந்த முனை எந்த முனைக்கு ஒத்தது என்று முடிவு செய்வது. ABC ~ PQR என்று எழுதினால் A-க்கு P, B-க்கு Q, C-க்கு R என்று பொருள். எழுத்துகளின் வரிசை மாறினால் கணக்கே மாறிவிடும். முனைகளை முதலில் இணைத்து எழுதாமல் விதியின் பெயரை எழுதுவது, முகவரி எழுதாமல் கடிதத்தைத் தபாலில் போடுவது மாதிரி.

சர்வசமத்துக்கான விதிகள் நான்கு: ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, பிறகு செங்கோண முக்கோணத்துக்கு மட்டும் உரிய செங்கோணம்-கர்ணம்-பக்கம். இந்தப் பட்டியலில் ப-ப-கோ இல்லை. ஏன் இல்லை என்று மாணவர் கேட்டால், பதில் சொல்வதைவிட கவராயத்தைக் கையில் கொடுத்துவிடுவது மேல். A-இல் 30° கோணம் வரையட்டும். அதன் ஒரு கையில் AB = 10 செ.மீ. குறிக்கட்டும். B-ஐ மையமாக வைத்து 6 செ.மீ. ஆரத்தில் வில் வரைந்தால், அது மற்றக் கையை ஓரிடத்தில் அல்ல, இரண்டு இடங்களில் வெட்டும். ஒன்று A-இலிருந்து ஏறக்குறைய 5.3 செ.மீ. தொலைவில், மற்றது ஏறக்குறைய 12 செ.மீ. தொலைவில். தந்த அளவுகள் ஒன்றே, முக்கோணங்கள் இரண்டு. கோணம் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் சிக்காமல் வெளியே நிற்பதால் வந்த வினை இது. அந்தக் கோணம் 90° ஆக இருந்தால், வில் இருபுறமும் வெட்டினாலும் கிடைப்பவை ஒன்றுக்கொன்று பிரதிபிம்பங்கள். அதனால்தான் செங்கோணத்துக்கு மட்டும் தனி அனுமதி.

வடிவொத்தமைக்கு வந்தால் விதிகள் இன்னும் எளிது. இரண்டு கோணங்கள் சமம் என்றாலே போதும். மூன்றாவது தானாகவே சமமாகிவிடும். ஒத்த பக்கங்களின் விகிதமே அளவு காரணி. ஆனால் தாள்களில் அதிகம் தவறுவதும் இங்கேதான், குறிப்பாக ஒரு முக்கோணத்துக்குள் இன்னொன்று அடங்கிய படத்தில்.

முக்கோணம் ABC. AB-இன் மேல் D, AC-இன் மேல் E. DE, BC-க்கு இணை. AD = 4, DB = 6, AE = 3.6, DE = 5. EC, BC இரண்டையும் காண வேண்டும். பல மாணவர்கள் 6ஐ 4ஆல் வகுத்து 1.5 என்று வைத்துக்கொண்டு, EC = 5.4, BC = 7.5 என்று எழுதுவார்கள். முதல் விடை சரி, இரண்டாவது தவறு!

ஒரே எண்ணை வைத்துப் போட்ட கணக்கில் பாதி சரியாக வருவதுதான் இதன் வஞ்சகம். AD-க்கும் DB-க்கும் உள்ள விகிதமே AE-க்கும் EC-க்கும் உண்டு. அது தேல்ஸ் தேற்றம். ஆனால் DB எந்த முக்கோணத்தின் பக்கமும் அல்ல, வெறும் மிச்சத் துண்டு. BC-ஐக் கேட்டால் முழு முக்கோணங்களைத்தான் ஒப்பிட வேண்டும். AB = 4 + 6 = 10; அளவு காரணி 10/4, அதாவது 2.5. எனவே BC = 5 × 2.5 = 12.5. சரிபார்ப்பதும் எளிது: AC = 3.6 + 5.4 = 9; 9ஐ 3.6ஆல் வகுத்தால் அதே 2.5. BC-க்கு 7.5 எழுதியவருக்கு மூன்று விகிதங்கள் 2.5, 2.5, 1.5 என்று வந்து, ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் உள்ளடங்கிய படத்தைப் பார்த்ததும் இரண்டு முக்கோணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக வரையச் சொல்வார்கள். வரைந்துவிட்டால் 6 என்ற எண்ணை எழுத இடமே இருக்காது.

இதே படத்தை வைத்துக் கொஞ்சம் கடினமாகக் கேட்கும் கேள்வியும் உண்டு. இம்முறை DE இணை என்று எங்கும் சொல்லப்படவில்லை. மாறாக, கோணம் ADE-உம் கோணம் ACB-உம் சமம் என்று மட்டும் தரப்பட்டுள்ளது. AB = 10, AD = 4, AE = 5, DE = 4.5. இங்கே A பொதுக் கோணம். ஆக கோ-கோ விதி பொருந்துகிறது. ஆனால் D-க்கு ஒத்தது B அல்ல, C. ADE ~ ACB என்றுதான் எழுத வேண்டும். அப்போது AE-க்கு ஒத்த பக்கம் AB; அளவு காரணி 10/5 = 2. AC = 8, BC = 9. பழக்கதோஷத்தில் இணை என்று எடுத்துக்கொண்டு 10ஐ 4ஆல் வகுத்தவருக்கு BC = 11.25 என்று வரும். DE கோடு சற்றே சாய்ந்திருப்பது படத்தில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பயிற்சித்தாள்களில் படங்கள் பெரும்பாலும் அளவுப்படி வரையப்படுவதில்லை. நம்பக்கூடியது கோணங்களில் போட்டிருக்கும் அந்தச் சின்ன வளைவுக் குறிகளையும் கேள்வியின் வாசகத்தையும்தான்.