பெயரில் இல்லை, எண்ணில் இருக்கிறது வரி

திருவண்ணாமலையில் கடைக்குப் பெயர் வைக்க யாரும் ரொம்ப யோசிப்பதில்லை. அண்ணாமலையார், அருணாசலா, உண்ணாமுலை, ரமணா என்று நாலைந்து பெயர்களுக்குள் பாதி ஊர் அடங்கிவிடும். ஊருக்குள் இதனால் குழப்பம் வருவதில்லை. எந்தத் தெரு, யாருடைய கடை என்று எல்லோருக்கும் தெரியும். சென்னையில் உட்கார்ந்து பில் போடும் மொத்த வியாபாரியின் கணக்காளருக்குத் தெரியாது. அவர் கணினியில் 'அண்ணாமலையார்' என்று தட்டினால் ஐந்தாறு பெயர்கள் வரிசையாக விழும். இரண்டாவது பெயருக்குப் பதில் மூன்றாவது பெயரை அழுத்திவிட்டால், சரக்கு ஒரு கடைக்கும் வரி வரவு இன்னொரு கடைக்கும் போய்விடும்.

கணக்கைப் பார்ப்போம். செங்கம் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 9 அன்று 1,40,000 ரூபாய்க்கு பிவிசி குழாய் வாங்குகிறார் கடைக்காரர். 18 சதவீத ஜிஎஸ்டி 25,200 ரூபாய். இதே சரக்கை 1,70,000 ரூபாய்க்கு விற்றால் வாடிக்கையாளரிடம் வாங்கும் வரி 30,600. வாங்கும்போது கட்டிய 25,200-ஐக் கழித்துக்கொண்டு மீதி 5,400-ஐ அரசுக்குக் கட்டினால் போதும். இந்தக் கழிவைத்தான் கடைத்தெருவில் 'இன்புட்' என்கிறார்கள். பில்லில் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் தவறாக இருந்தால் கழிக்க எதுவும் இருக்காது, 30,600-ஐயும் கட்ட வேண்டியதுதான். அவருடைய லாபமே 30,000 ரூபாய்தான்.

அந்த எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டு இடம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் வருமான வரித் துறை தரும் பான் எண். 13-ஆவது இடம், ஒரே பான் எண்ணில் இந்த மாநிலத்துக்குள் எடுத்த எத்தனையாவது பதிவு என்பதைச் சொல்லும். 14-ஆவது பெரும்பாலும் Z. கடைசியில் நிற்பது காவல்காரன். முன்னால் இருக்கும் 14 இடங்களையும் வைத்துக் கணக்குப் போட்டு எடுத்த சோதனை எழுத்து அது.

மாதிரிக்கு ஒரு கற்பனை எண்:

```
33ABCDE1234F1Z7
```

இதில் A-க்கு மதிப்பு 10, B-க்கு 11, இப்படியே போய் Z-க்கு 35. ஒற்றைப்படை இடத்தில் இருப்பதை 1-ஆலும் இரட்டைப்படை இடத்தில் இருப்பதை 2-ஆலும் பெருக்க வேண்டும். வரும் விடை 35-ஐத் தாண்டினால் அதை 36-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 14 இடங்களையும் கூட்டினால் 173 வருகிறது. அதை 36-ஆல் வகுத்தால் மீதி 29. 36-இலிருந்து 29 போக 7. அதுதான் கடைசி இடம். 1234 என்பதை அவசரத்தில் 1243 என்று தட்டினால் கூட்டுத்தொகை 174 ஆகி, கடைசி இடம் 6 என்று இருக்க வேண்டியதாகிவிடும். 7 என்று பார்த்ததும் கணினி அந்த எண்ணைத் தள்ளிவிடும்.

ஆகவே கைதவறிய எண் பெரும்பாலும் வாசலிலேயே பிடிபடும். உள்ளே நுழைந்துவிடும் தவறான எண் வேறு ரகம், அது இன்னொருவருடைய சரியான எண். பெயர் ஒத்த வேறு கடையுடையதாக இருக்கலாம். பாகப் பிரிவினைக்குப் பிறகும் பழைய லெட்ஜரில் தங்கிவிட்ட அண்ணனுடைய எண்ணாக இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் வேறு மாநிலக் கிளையுடையதாகவும் இருக்கலாம். இந்தக் கடைசி வகை சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பென்டக்கிள் பிளான்ட் மெஷினரீஸ் என்ற நிறுவனம், வாங்கியவரின் ஆந்திரப் பிரதேச எண்ணைப் போட வேண்டிய இடத்தில் உத்தரப் பிரதேச எண்ணைப் போட்டுவிட்டது. தெரிய வந்தபோது திருத்தும் கெடு முடிந்திருந்தது. 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் திருத்திக்கொள்ள அனுமதித்தது. வென்றாலும், ஒரு எண்ணுக்காக ரிட் மனு வரை போக வேண்டியிருந்தது.

பில்லில் பேனாவால் அடித்து எழுதி முத்திரை குத்தி வாங்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. விற்பவர் மாதா மாதம் தாக்கல் செய்யும் விற்பனைப் பட்டியல் GSTR-1. அதில் எந்த எண்ணுக்கு எதிரே பில் நிற்கிறதோ அந்த எண்காரரின் GSTR-2B அறிக்கையில்தான் வரவு விழும். அதில் விழாத பில்லுக்கு 2022 ஜனவரியிலிருந்து இன்புட் எடுக்க முடியாது. காகித பில்லும் சரியாக இருக்க வேண்டும். பில்லில் சில சின்ன விவரங்கள் விட்டுப்போனால் விதி 36 பொறுத்துக்கொள்கிறது. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் அந்தச் சலுகையில் இல்லை. ஆக, இரண்டு இடத்திலும் திருத்தம் நடக்க வேண்டும்.

எப்படித் திருத்துவது என்பதை, எப்போது கண்டுபிடித்தோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. மின்-இன்வாய்ஸ் போடும் நிறுவனமாக இருந்து, 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டால், அதை ரத்து செய்து புது எண்ணில் புது பில் போடலாம். ரத்தான பில் எண்ணைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. அந்த நேரம் தாண்டினாலும் விற்பவர் GSTR-1 தாக்கல் செய்யும் வரை வழி இருக்கிறது. செப்டம்பர் பில் என்றால் அக்டோபர் 11-க்குள் அவர் தன் பட்டியலில் எண்ணை மாற்றிவிடலாம்.

நம் ஹார்டுவேர் கடைக்காரருக்கு அக்டோபர் 14 அன்று 2B வந்தபோதுதான் பில் இல்லாதது தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். தாக்கல் முடிந்துவிட்டது. இப்போது விற்பவர் அடுத்த GSTR-1-இல், அதாவது நவம்பர் 11-க்குள் தர வேண்டிய அக்டோபர் பட்டியலில், 9A என்ற அட்டவணையில் பழைய பில்லைக் காட்டி எண்ணைத் திருத்த வேண்டும். அதே மாதத்திலேயே திருத்த உதவும் GSTR-1A படிவம் 2024-இல் வந்தது. ஆனால் வாங்குபவரின் எண்ணை மட்டும் அதில் மாற்ற முடியாது. ஆகவே நவம்பர் 14 அன்றுதான் வரவு தெரியும். அதுவரை 25,200 ரூபாயைக் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டும்.

ஃபோனில் 'சார், பில்லு தப்பா இருக்கு, மாத்திக் குடுங்க' என்று மட்டும் சொன்னால் எந்த பில், என்ன தப்பு என்று தேடுவதிலேயே அடுத்த மாதத் தாக்கலும் போய்விடும். வாட்ஸாப்பிலோ மின்னஞ்சலிலோ இப்படி எழுதுவது நல்லது:

'ஐயா, உங்கள் செப்டம்பர் 9 தேதியிட்ட பில்லில் (எண் இது, வரியோடு 1,65,200 ரூபாய்) எங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதில் வேறொரு எண் இருக்கிறது. பில்லில் உள்ள எண் இது, எங்கள் எண் இது. பதிவுச் சான்றிதழ் நகலை இணைத்திருக்கிறோம். அக்டோபர் GSTR-1-இல் 9A அட்டவணையில் திருத்தி, திருத்திய பில்லையும் அனுப்புங்கள். உங்கள் லெட்ஜரிலும் எண்ணை மாற்றிவிடுங்கள்.'

கடைசி வரியை விட்டுவிட்டால் அடுத்த லோடுக்கும் அதே தப்பான எண்ணில்தான் பில் வரும்.

திருத்தும் வரை வரித் தொகையை மட்டும் நிறுத்தி வைப்பது கடைத்தெருவில் வழக்கம். அதற்கும் எல்லை உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்பவருக்குப் பணம் போய்ச் சேராவிட்டால், எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கெடு இருக்கிறது. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30. அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் கெடு அன்றோடு முடியும். திருவண்ணாமலைக்கு இது மோசமான தேதி. கார்த்திகை தீபம் 2023-இல் நவம்பர் 26 அன்று வந்தது. ஊரில் கால் வைக்க இடமில்லாத அந்த வாரத்தில் போன வருஷத்து பில்லை யார் எடுத்துப் பார்ப்பார்கள்? ஐப்பசியிலேயே பார்த்துவிட வேண்டும்.

சம்பந்தமில்லாத இன்னொரு கடைக்காரரும் இதில் இருக்கிறார். வாங்காத குழாய்க்கு அவர் கணக்கில் 25,200 ரூபாய் வரவு நிற்கிறது. 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி தளத்தில் வந்த IMS பக்கத்தில் அந்த பில்லுக்கு எதிரே `Reject` பொத்தான் இருக்கும். அதை அழுத்தாமல் விட்டால் அவர் ஒப்புக்கொண்டதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். தெரியாமல் அந்த வரவை எடுத்துச் செலவழித்துவிட்டால் பின்னால் வட்டியோடு கட்டுவது அவர்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் யாருடைய பில் என்று அவருக்கு ஊகம் இருக்கும். பொத்தானை அழுத்திவிட்டு, 'உன் பில்லு எனக்கு வந்திருக்குப்பா' என்று செங்கம் சாலைக்கு ஒரு ஃபோன் போட்டால் இரண்டு கடையும் தப்பிக்கும்.